கூரை சத்தம் போடுற நாளில் தரம் மூன்று

மாரி தொடங்கினால் எங்கட நேரசூசியில முதலில் செத்துப்போறது விளையாட்டுப் பாடவேளைதான். ஒக்டோபர் கடைசியில் மைதானத்தின் பள்ளமான பக்கம் நனையும். நவம்பர் நடுவில் மைதானம் முழுக்கக் குளம். அதற்குப் பிறகு டிசம்பர் விடுமுறை வரைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது தரம் 3 பிள்ளைகள் காலை ஏழரையிலிருந்து வீட்டுக்குப் போகும் வரை ஒரே அறைக்குள். இடைவேளைக்கும் வெளியே போக முடியாது. எட்டு வயசு உடம்பு அதைத் தாங்காது. டீச்சரும் தாங்கமாட்டா.

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடங்களில் மழை நாள்தான் அடி கூட விழுகிற நாள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். வாயில் விரலை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்வார்கள், கால்மணித்தியாலத்தில் யாராவது ஒருவன் மற்றவனைக் கிள்ளுவான், பிறகு இரண்டு பேருக்கும் விழும். உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. சுற்றறிக்கை அதிபரின் கோவைக்குள் இருக்கும், பிரம்பு மேசையில் இருக்கும். அடிக்கிற ஆசிரியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது பிள்ளைகள், தகரக்கூரை, மழை, கையில் வேறு திட்டம் எதுவும் இல்லை. அந்த நிலையில் கைக்கு முதலில் எட்டுவது பிரம்புதான். ஆகவே மழை நாளுக்கு ஒரு தனித் திட்டம் வைத்திருப்பது அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு அடி வாங்காமல் வீட்டுக்குப் போவதோடு நேரடியாகத் தொடர்புள்ள காரியம். பொழுதுபோக்குக்காகச் செய்வதில்லை.

அந்தத் திட்டத்தை நான் எப்படிப் போடுகிறேன் என்று, போன மாரியில் வந்த ஒரு நாளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அறையைச் சொல்ல வேண்டும். 20 அடிக்கு 20 அடி. பின்பக்கம் முழுச்சுவர், இரண்டு பக்கமும் அரைச்சுவரும் கம்பிவலையும், மற்றப் பக்கம் பக்கத்து வகுப்பைப் பிரிக்கிற பலகைத் தட்டி. சீமெந்து நிலம், மேலே தகரம். இடாப்பில் 31 பேர். கடும் மழை நாளில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் பெரிய விஷயம். நான் சொல்லுகிற நாளில் 21 பேர் வந்திருந்தார்கள். பத்துப் பேர் வராத நாளில் புதுப்பாடம் தொடங்கினால் அடுத்த நாள் அதையே திரும்பத் தொடங்க வேண்டி வரும். அதனால் மழை நாளுக்கு நான் வைத்திருக்கிறது முழுக்கத் தெரிந்த விஷயங்களைத் திரும்பச் செய்கிற வேலைகள். மூன்றாம் வாய்பாடு, அளவிடுதல், வாசிப்பு. இது எல்லோரும் யோசிக்கக்கூடியதுதான். யோசிக்காமல் விடுவது கூரையை.

தகரத்தில் மழை அடிக்கும்போது ஆசிரியரின் குரல் எடுபடாது. நீங்கள் எவ்வளவு கத்தினாலும் மூன்றாவது மேசைக்கு மேல் போகாது. கத்திக் கத்தி அரைமணித்தியாலத்தில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும், கேட்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் "டீச்சர் என்ன சொன்னவ?" என்று கேட்கும், அந்தப் பிள்ளை கத்திச் சொல்லும், ஐந்து நிமிஷத்தில் சந்தை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வகுப்பு குழப்படி செய்கிற மாதிரித் தெரியும். உண்மையில் அவர்கள் செய்வது காது கேட்காத இடத்தில் யார் செய்வதையும்தான்.

ஆகவே என்னிடம் இருப்பது நேரத்தால் பிரித்த திட்டம் இல்லை. சத்தத்தால் பிரித்தது. பாடக்குறிப்புக் கொப்பியில் அந்தப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குவேன். ஒரு பக்கம் குரல் கேட்கிற மழைக்கு: கதை, கலந்துரையாடல், பாட்டு, சொல் விளையாட்டு. மற்றப் பக்கம் குரல் கேட்காத மழைக்கு: கரும்பலகையைப் பார்த்துச் செய்யக்கூடியது, கையசைப்பால் நடத்தக்கூடியது, தனியே எழுதக்கூடியது. மழை உரத்தால் அந்தப் பக்கத்துக்கு மாறுவேன், தணிந்தால் இந்தப் பக்கம் வருவேன். எங்கட பக்கத்து மாரி மழை ஒரே சீராகப் பெய்வது குறைவு. அரைமணித்தியாலம் கொட்டும், பத்து நிமிஷம் தூறும், திரும்பக் கொட்டும். தூறுகிற அந்தப் பத்து நிமிஷத்தைக் கதைக்கு எடுத்துவிட வேண்டும். அதைக் கணக்கில் வீணாக்கிவிட்டு, கொட்டுகிற நேரம் கதை சொல்ல வெளிக்கிட்டால் அந்த நாள் கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு முன்னேற்பாடாக நாலு கைச்சைகைகள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்க வேண்டும். கை மேலே போனால் நில்லுங்கோ. உள்ளங்கை கீழே இறங்கினால் மெதுவாக. விரல் சுற்றினால் மேசைகளை ஒதுக்குங்கோ. இரண்டு கையும் கண்ணில் வைத்தால் கரும்பலகையைப் பாருங்கோ. செப்டெம்பரில், வெயில் எரிக்கிற காலத்திலேயே இதைப் பழக்குவேன். மழை வந்த பிறகு பழக்க முடியாது. சைகை என்னவென்று விளக்கவே குரல் வேணுமே.

சரி, அந்த நாள். எட்டு மணிக்கு முன்னமே கொட்டத் தொடங்கிவிட்டது. ஆறேழு பேர் நன்றாக நனைந்து வந்தார்கள். நனைந்த பிள்ளையை உடனே கதிரையில் இருத்தக் கூடாது, குளிர் ஏறும். துவாயால் தலையைத் துடைத்துவிட்டு, அலுமாரியில் வைத்திருக்கிற பழைய சேட்டுகளில் ஒன்றைக் கொடுத்து, முதல் அசைவு வேலைக்கு எடுத்துவிடுவேன்.

அசைவு என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஓட்டமும் துரத்தலும்தான். அறைக்குள் இரண்டும் சரிவராது. 20 அடி அறையில் மேசைகளை ஒதுக்கினாலும் நடுவில் கிடைப்பது ஏறத்தாழ 14 அடிச் சதுரம். ஓடத் தொடங்கிய பிள்ளை வேகம் எடுக்கும் முன்னமே சுவர் வந்துவிடும். இன்னொன்று, ஓட்டம் பிள்ளையைக் களைக்க வைப்பதற்கு முன்னம் உசுப்பிவிடும். வெளியில் என்றால் அரைமணித்தியாலம் ஓடி, உசுப்பல் முடிந்து, களைத்து வருவார்கள். உள்ளே பத்து நிமிஷம் ஓடவிட்டு நிற்பாட்டினால் உசுப்பலின் உச்சியில் நிற்பாட்டுகிறீர்கள். பிறகு கொப்பியை எடு என்றால் எப்படி எடுப்பான்?

உள்ளே வேலை செய்வது பாரமான அசைவு. தள்ளுவது, தூக்குவது, தாங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது. தசைக்கு வேலை இருக்கும், ஆனால் இடம் தேவையில்லை, மூச்சு மெல்ல மெல்லத்தான் ஏறும். பின்சுவரில் பத்துப் பத்துப் பேராக வரிசையாக நின்று இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தள்ளுவார்கள். பத்து எண்ணும் வரை முழுப்பலம், பிறகு கை உதறல், இப்படி ஐந்து தடவை. சுவரை வெளியில் தள்ளி விளையாட்டுக்கு இடம் எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். "டீச்சர், அசையுது!" என்று ஒருவன் ஒவ்வொரு முறையும் சொல்லுவான். மற்றவர்கள் அந்நேரம் கதிரையில் இருந்தபடி இரண்டு பக்க விளிம்பையும் பிடித்து உடம்பைக் கைப்பலத்தில் தூக்குவார்கள். அதுவும் பத்து எண்ணும் வரைக்கும். பிறகு மாறுவார்கள். மேசைகளை ஒதுக்குவதையும் இந்த அசைவுக்குள் சேர்த்துவிடுவேன். ஒரு மேசைக்கு நாலு பேர், இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுத்தால் சத்தம், தூக்கினால் வேலை.

நிலத்தைப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. தூவானம் அரைச்சுவர்ப் பக்கம் இரண்டு மூன்று அடி உள்ளே வரும். வாசலில் காலோடு வந்த தண்ணி. இதைத் தவிர, அடைமழை நாளில் சீமெந்து நிலம் தானாகவே வேர்க்கும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும். கை ஈரமானால் அந்த இடத்தில் நின்ற இடத்து அசைவு மட்டும்தான், கெந்தலும் இல்லை, தவளைப் பாய்ச்சலும் இல்லை. பழைய பேப்பரால் துடைத்து, காய்ந்த பகுதியைச் சுற்றி வெண்கட்டியால் ஒரு கோடு. கோட்டுக்கு வெளியில் கடல். சப்பாத்தும் மேசும் கழற்றி வெறுங்காலோடு. மேசோடு விடுவது சப்பாத்தோடு விடுவதை விட மோசம்.

எட்டரைக்கு இரண்டு பேர் குடையோடு வெளியில் போனார்கள். மழைமானியைப் பார்க்க. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சொல்ல வேண்டும், வாய்பாட்டு வட்டம்.

இடைவேளை முடிந்து, சத்துணவு சாப்பிட்டு, மைதானத்துக்குப் போக முடியாத பிள்ளைகள் கம்பிவலையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பத்தரை இருக்கும். நேரசூசியில் அன்றைக்கு விளையாட்டு அந்த நேரத்தில்தான். அந்த இடத்துக்கு மழை நாளில் நான் போடுவது இந்த வட்டம். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். ஒன்று, இரண்டு என்று ஆளுக்கொரு எண் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மூன்றின் மடங்கு வருகிற பிள்ளை எண்ணைச் சொல்லாமல் இரண்டு கையையும் தூக்கும், உடனே வட்டம் முழுக்க ஒருமுறை இருந்து எழும்பும். அப்படி, முறை யாருடையதாக இருந்தாலும் எல்லோருக்கும் அசைவு. இடைப்பட்ட நேரத்தில் எல்லோரும் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடந்துகொண்டே இருப்பார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டத்தில் நிற்கும் பிள்ளைகளின் தொகை மூன்றால் பிரிபடக் கூடாது. 21 பேர் நின்றால் 3, 6, 9 என்று முதல் சுற்றில் கை தூக்குகிற அதே ஏழு பேர்தான் எத்தனை சுற்றுப் போனாலும் கை தூக்குவார்கள். மற்றப் பதினாலு பேருக்கும் மூன்றாம் வாய்பாடு ஒரு நாளும் வராது, இரண்டாவது சுற்றிலேயே அவர்கள் யோசிப்பதை நிற்பாட்டிவிடுவார்கள். அன்றைக்கு வந்தவர்கள் சரியாக 21. ஒருத்திக்கு மாரி தொடங்கினால் முட்டு வருத்தம் வரும், அவ இருந்து எழும்பக் கூடாது. அவவைக் கணக்குப்பிள்ளை ஆக்கினேன். மிச்சம் 20. இருபது பேர் வட்டத்தில் நின்று மூன்று சுற்று எண்ணினால் 60 வரும். அறுபதுக்குள் மூன்றின் மடங்குகள் 20. ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியாக ஒரு தடவை, எந்தச் சுற்றில் என்றுதான் வித்தியாசம். இதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. மூன்றாம் சுற்று முடிய, "ஒருக்காவும் கை தூக்காத ஆக்கள் ஆர்?" என்று கேட்பேன். ஒருவரும் இல்லை. "ரெண்டு தரம் தூக்கின ஆக்கள்?" அதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு அமைதி வரும் பாருங்கோ, அதற்காகவே இந்த விளையாட்டை வைத்திருக்கிறேன்.

வட்டம் நடக்கும்போது மழை உரத்தால் எண் கேட்காது. அதற்குத்தான் கணக்குப்பிள்ளை. கரும்பலகையில் 1 முதல் 60 வரை ஆறு வரிசையாக எழுதியிருப்பேன். அவ ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போவா, வட்டம் அதைப் பார்த்து நகரும். தொடுவதற்கு அவவிடம் கொடுப்பது பிரம்பை. எங்கட வகுப்பில் பிரம்புக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை அதுதான். வெண்கட்டித் தூள் முட்டுக்காரருக்கு ஆகாது, அதனால் கரும்பலகையை அவ துடைப்பதில்லை, தொடுவது மட்டும்.

பிழை விட்டவர் வெளியே போகிற விதியை நான் எந்த உள்ளக விளையாட்டிலும் வைப்பதில்லை. முதலில் வெளியே போகிறவர் யார்? கவனம் சிதறுகிறவர். அதாவது அந்த அசைவு மிகவும் தேவைப்படுகிறவர். அவரை இருத்திவிட்டு அமைதியான பிள்ளைகளை அசையவிட்டால் பத்து நிமிஷத்துக்குப் பிறகு யார் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவார் என்று சொல்லத் தேவையில்லை. பிழை விட்டால் மூன்று தரம் சுவரைத் தள்ளிவிட்டு வட்டத்துக்குத் திரும்பலாம். சிலர் அதற்காகவே பிழை விடுவார்கள். விடட்டும்.

வட்டத்திலிருந்து கொப்பிக்கு நேரே போக முடியாது, நடுவில் ஒரு படி வேணும். மழை தணிந்திருந்தால் கையாலேயே மழை பெய்ய வைப்போம். உள்ளங்கை தேய்த்தல், பிறகு விரலால் மேசையில் தட்டல், பிறகு தொடையில் அடித்தல், பிறகு காலால் மிதித்தல், அங்கிருந்து அதே படியில் திரும்பிக் கீழே இறங்கி, கடைசியில் உள்ளங்கை தேய்த்தலும் நின்றுபோகும். உச்சிக்குப் போவதை விட இறங்குவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். அன்றைக்கு மழை தணியவில்லை, ஆகவே இது சரிவராது. நாங்கள் செய்கிற சத்தம் எங்களுக்கே கேட்காது. அதற்குப் பதிலாக ஆமை நடை. வட்டத்தில் நிற்கிற இடத்திலிருந்து தன் கதிரைக்கு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். கடைசியாகப் போய்ச் சேருகிறவர்தான் வென்றவர். ஏழெட்டு அடியை நடக்க மூன்று நிமிஷம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக நடப்பது ஓடுவதை விடக் கஷ்டம், ஒரு காலில் அவ்வளவு நேரம் பாரம் நிற்கும். கதிரைக்கு வந்து சேரும்போது மூச்சு இறங்கியிருக்கும், வாய் மூடியிருக்கும்.

இப்போது மழைமானி. அமைதியான வேலை என்றால் பெரும்பாலும் படம் வரையக் கொடுப்பார்கள். படம் நல்லதுதான், ஆனால் ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு "முடிஞ்சுது டீச்சர்" என்று வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அமைதியான வேலைக்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும், முடிந்த பிறகும் யோசிக்க ஏதாவது மிஞ்ச வேண்டும். மழையையே அளப்பது அப்படியொரு வேலை.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று. பக்கம் நேராக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கியது சரிவராது. கழுத்துக்குக் கீழே, நேர்ப்பகுதி தொடங்குகிற இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும், அதற்குள் மணலைப் போட்டு, மணல் மூடும் வரை தண்ணி விட்டு, அந்த நீர்மட்டத்தில் பூச்சியம் என்று கோடு. அங்கிருந்து மேலே அடிமட்டத்தால் அளந்து கோடுகள். போத்தலின் பக்கம் நேராகவும், புனலின் வாயும் போத்தலும் ஒரே அகலமாகவும் இருப்பதால் தண்ணி ஏறுகிற உயரம்தான் மழைவீழ்ச்சி. வேறு கணக்குத் தேவையில்லை. செய்திகளில் 50 மில்லிமீற்றர் என்று சொல்வதும் இதே உயரத்தைத்தான். கூரைத் தண்ணி விழாத, மரத்தடி இல்லாத வெட்டையான இடத்தில் மூன்று கல்லுக்கு நடுவில் வைத்திருக்கிறோம். வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்த மழையைக் காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரைக்கும் கணக்கிடுகிறது என்பதால் நாங்களும் எட்டரைக்குத்தான் வாசிக்கிறோம். வாசித்தவுடன் பூச்சியக் கோடு வரை ஊற்றிவிட வேண்டும். பிள்ளைகள் மறக்கிறது இதைத்தான், அதனால் போகிற இருவரில் ஒருவர் வாசிக்கிறவர், மற்றவர் ஊற்றுகிறவர்.

குடையோடு போன இருவரும் வந்து கரும்பலகையில் எழுதிய எண் 35. முன்னைய நாட்களின் எண்கள் ஏற்கெனவே கொப்பியில் இருந்தன. ஆமை நடை முடிந்து எல்லோரும் கதிரைக்கு வந்த பிறகு, சதுரக்கோட்டுக் கொப்பியில் வரைபு. ஒரு சதுரம் 5 மில்லிமீற்றர். 35 என்றால் ஏழு சதுரம், சுலபம். செவ்வாய்க்கிழமை மழையே இல்லை, பூச்சியம். அந்த நாளை விட்டுவிடலாமா, வெறும் இடமாக வைக்கலாமா? இதுபற்றி ஒரு மேசையில் கொஞ்சம் சண்டை. "மழை பெய்யாட்டிலும் செவ்வாய்க்கிழமை வந்ததுதானே" என்று ஒருத்தி எழுதிக் காட்டினா, பேசினால் கேட்காது என்பதால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித்தான் சண்டை. திங்கட்கிழமை எண் 8. ஒரு சதுரமும் இன்னும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது எட்டு வயசுக்கு நல்ல கேள்வி. பாதிக்குக் கொஞ்சம் கூட என்று பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பிறகு ஒரு மெலிந்த பையன் என் மேசைக்கு வந்து திங்கட்கிழமைக்கு மேல் விரலை வைத்தான். சனியும் ஞாயிறும் ஒருவரும் போத்தலைப் பார்க்கவில்லையே, அப்போது திங்கட்கிழமை எட்டு மில்லிமீற்றர் மூன்று நாள் மழைதானே, அதை ஒரு நாள் தூணாக எப்படிப் போடுவது? சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவன் திங்கட்கிழமைத் தூணுக்கு வேறு நிறம் கொடுத்தான். வகுப்பு முழுக்க அதைப் பார்த்து நிறம் மாற்றியது. முப்பத்தைந்து நிமிஷம், கூரை இடித்துக்கொண்டு இருந்தது, ஒருவருடைய வாயும் திறக்கவில்லை.

முப்பத்தைந்து நிமிஷம் என்பது விதிவிலக்கு. சாதாரணமாக இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான் கணக்கு. எப்போது முடிந்தது என்று மணிக்கூட்டை விடப் பிள்ளைகள்தான் நல்லாகச் சொல்லுவார்கள். பென்சில் சீவப் போகிறவர்களைக் கவனியுங்கோ. ஒருவர் போனால் பென்சில் மழுங்கியிருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று பேர் குப்பைவாளிக்குப் பக்கத்தில் நின்றால் உடம்பு அசைவு கேட்கிறது. "ஒண்டுக்குப் போகட்டோ டீச்சர்" அடுத்தடுத்து வருவதும் அதேதான். அந்த நேரத்தில் இருங்கோ என்று அதட்டினால் ஐந்து நிமிஷம் கிடைக்கும், அதற்குப் பிறகு அரைமணித்தியாலம் போகும். கையைத் தூக்கி, எல்லோரையும் எழுப்பி, கதிரைக்குப் பின்னால் நின்று ஒற்றைக்காலில் கொக்கு, முப்பது எண்ணும் வரை, மற்றக்காலில் முப்பது. இரண்டு நிமிஷம்தான். பிறகு இன்னும் கால்மணித்தியாலம் இருப்பார்கள்.

மலசலகூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் அதையும் திட்டத்துக்குள் வைக்க வேண்டும். இரண்டு பெரிய குடை, ஒரு குடைக்கு இரண்டு பேர், ஒவ்வொரு அசைவு நேரத்தின் தொடக்கத்திலும். இடி முழங்கினால் யாரும் முற்றத்தைக் கடப்பதில்லை, கம்பிவலைப் பக்க மேசைகளும் உள்ளே வந்துவிடும்.

மழை நாளில் "மழையில் ஒரு நாள்" என்று கட்டுரை எழுத நான் கொடுப்பதில்லை. எங்கட பக்கத்தில் சில பிள்ளைகளின் வீட்டுக்குள் அந்நேரம் தண்ணி ஏறிக்கொண்டிருக்கும். கம்பிவலையில் தொங்குகிற எல்லோரும் விளையாட்டுக்காகத் தொங்குவதில்லை, சிலர் ஒழுங்கையில் வெள்ளம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். போத்தலும் எண்ணும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தக்கதை சொல்லாமலே மழையைப் பற்றிச் செய்ய ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. சொல்ல விரும்பினால் பிறகு தானாக வந்து சொல்வார்கள்.

பதினொன்றரைக்கு மழை தூறலானது. கதைக்கு அந்த நேரத்தை எடுத்தேன், பாய் விரித்து எல்லோரும் நெருக்கமாக. இருட்டாக இருந்தது, மின்சாரமும் இல்லை, அந்த வெளிச்சத்தில் சின்ன எழுத்து வாசிக்கக் கொடுக்கக் கூடாது. பன்னிரண்டுக்குப் பிறகு பெற்றோர் ஒவ்வொருவராகக் குடையோடு வரத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே கடைசி அரைமணித்தியாலத்துக்கு எந்த நேரத்திலும் விட்டுவிட்டுப் போகக்கூடிய வேலை வேணும். கொக்கான் வெட்டல், புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணல், கடதாசிக் கப்பல் மடித்தல். பாதியில் போனாலும் யாருக்கும் நட்டமில்லை.

இதெல்லாம் ஒரு நாளைக்குச் சரிவரும், இரண்டாம் நாளைக்கும் சரிவரும். மூன்று நாள் தொடர்ந்து கொட்டினால் சுவர் தள்ளுவதும் சலிக்கும், வட்டமும் சலிக்கும். வாய்பாட்டை மாற்றலாம், ஐந்தாம் வாய்பாடு என்றால் வட்டத்தின் தொகை ஐந்தால் பிரிபடாமல் பார்க்க வேண்டும். ஆனால் வெளியில் ஓடுவதற்கு ஈடாக உள்ளே எதுவும் இல்லை, பிள்ளைகளுக்கும் அது தெரியும். "நாளைக்கு விளையாட விடுவீங்களோ?" என்று கேட்டால், மழை விட்டால் விடுவேன் என்று மட்டும்தான் சொல்வேன். விட்ட முதல் நாளில் மைதானம் சேறாக இருந்தாலும் மேட்டுப்பக்கம் அரைமணித்தியாலம் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அன்றைக்கு எந்தப் பாடவேளை என்று பார்ப்பதில்லை.

பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்போடு ஒரு உடன்பாடும் தேவை. அவர்கள் எழுதுகிற நேரம் நாங்கள் மிதித்தால் சண்டை வரும். இப்போது இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் அசைந்து ஒரே நேரத்தில் எழுதுகிறோம். நான் தட்டியில் இரண்டு தரம் தட்டினால் தொடக்கம். போன கிழமை அந்த டீச்சர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, என்ர வட்டத்தில அதே பிள்ளையளுக்குத்தான் திரும்பத் திரும்ப வருது, என்ன செய்யிறது?" என்று கேட்டா. எத்தனை பேர் என்று கேட்டேன். இருபத்தேழாம்.

"நீங்களும் போய் நில்லுங்கோக்கா" என்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றா. மூன்று சுற்று, 84 வரைக்கும். அவவுக்கும் ஒரு தடவை வந்தது.